நன்றிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்

என் தாத்தா உயிரோடுதான் இருக்கிறார். காலை ஆறு மணிக்கு எழுகிறார். ஏழு மணிக்குச் சட்னியில் உப்பு குறைவு என்கிறார். எட்டு மணிக்குச் செய்தித்தாளில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறார். இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படித்தான் உயிரோடு இருப்பது? ஆனால் போன வருடம் அதை வங்கிக்கு நிரூபிக்க எங்களுக்கு நாலு சனிக்கிழமை ஆனது.

தாத்தாவின் பெயர் ஸ்தனிஸ்லாஸ். வயது எண்பத்தொன்று. பொன்மலை ரயில்வே பணிமனையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா மாதம் பென்ஷன் வருகிறது. அப்படிப் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை 'நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று வங்கியில் சான்று கொடுக்க வேண்டும். நவம்பர் மாதம் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் டிசம்பரிலிருந்து பென்ஷன் நின்றுவிடும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனவே தாத்தாவுக்குத் துணை நான். என் பெயர் ஜென்சி, அப்போது ஆறாம் வகுப்பு. சனிக்கிழமை காலையில் எனக்கு எறிபந்துப் பயிற்சி உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் சனிக்கிழமை, புரட்டாசிச் சனி. ஸ்ரீரங்கத்தில் புரட்டாசிச் சனி என்றால் ஆட்டோ நகராது, மனிதர்தான் நகர்வார்கள், அதுவும் எல்லோரும் கோயில் பக்கமாகவே நகர்வார்கள். நாங்கள் மட்டும் எதிர்ப்பக்கமாக வங்கிக்கு நகர்ந்தோம். அம்மா மண்டபம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

வங்கியில் டோக்கன் எடுத்து இன்னொரு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் மூன்றாம் கவுண்டரில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தவர் பெயர்ப் பலகையில் 'கமர் ஜஹான்' என்று போட்டிருந்தது. தாத்தா தடுமாறி நிற்பதைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்து நாற்காலி போட்டார்.

"ஐயா, இந்த ஃபார்ம்ல என் முன்னாடி கையெழுத்துப் போட்டாலே போதுங்க. நான் இப்பவே கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்றார்.

ஐந்து நிமிட வேலை. நான் சந்தோஷமாக எழுந்தேன். தாத்தா எழவில்லை.

அதற்கு முந்தைய வருடம் நாங்கள் பாலக்கரையில் இருந்தபோது வேறொரு கிளையில் அப்படித்தான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை யாரோ கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்துவிட்டார்கள். டிசம்பரில் பென்ஷன் வரவில்லை. போய்க் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தார், தாத்தாவைப் பார்க்கவே இல்லை. நீங்க உயிரோட இருக்கறதாப் பதிவு இல்லைங்களே என்று சொன்னாராம். அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தாத்தா சட்னியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அப்பாவிடம் மாத்திரைக்குக் காசு கேட்க வெட்கப்பட்டு, ஒரு நாளைக்கு இரண்டு போட வேண்டியதை ஒன்றாக்கிக்கொண்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதனால் இந்த முறை தாளே வேண்டாம், கம்ப்யூட்டர் சான்றுதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதில் ஒரு எண் வரும். அந்த எண் கையில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

வேறு யாராவது என்றால் சலித்துக்கொண்டிருப்பார்கள். நானே சலித்துக்கொண்டேன். கமர் ஜஹான் மேடம் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "சரிங்கய்யா, நம்பர் வர்ற மாதிரியே செஞ்சிடலாம்" என்றார்.

அங்கே ஆரம்பித்தது எங்கள் அலைச்சல்.

கம்ப்யூட்டர் சான்றுக்கு ஆதார் எண்ணைப் போட்டுவிட்டு, விரல் ரேகைக் கருவியில் விரலை வைக்க வேண்டும். தாத்தாவின் விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. வலது கட்டை விரல், இல்லை. ஆள்காட்டி விரல், இல்லை. மேடம் ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்து வைத்துப் பார்த்தார். பத்து விரலும் முடிந்தது. கருவி பத்து முறையும் சிவப்பு விளக்கு காட்டியது. பதினோராவது விரல் இல்லாததால் வீட்டுக்கு வந்தோம். முகத்தைப் படம் பிடித்தும் செய்யலாம், ஆனால் அன்றைக்கு அதற்கான செயலியும் திறக்கவில்லை, அடுத்த முறை வாருங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார்.

இரண்டாம் சனிக்கிழமை வங்கி விடுமுறை. நான் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். எங்கள் ஆபீஸில் சனிக்கிழமை அரை நாள் உண்டு என்று தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டார். மறுபடியும் புரட்டாசிக் கூட்டத்தில் நீந்திப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் சனிக்கிழமை செயலி திறந்தது. முகத்தை போனுக்கு நேராக வைத்துக் கண்ணை இமைக்க வேண்டும், அவ்வளவுதான். தாத்தா இமைக்கவில்லை. போட்டோ எடுக்கும்போது இமைக்கக் கூடாது என்று அவருக்கு யாரோ எழுபது வருடத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணை அகல விழித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். மேடம் அவரை ஜன்னல் ஓரம் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனார், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், தானே இமைத்துக் காட்டினார். தாத்தாவுக்குக் காது மந்தம். ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. கவுண்டரில் மேடத்தின் சாப்பாட்டுப் பை திறக்காமலே இருந்தது. ஆறாவது முயற்சியில் தாத்தாவின் கண்ணில் தூசி விழுந்து தானாக இமைத்தார், போனில் பச்சை விளக்கு வந்தது.

அடுத்து பென்ஷன் ஆணை எண் கேட்டது. அதை பிபிஓ எண் என்பார்கள். பென்ஷன்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிபிஓ புத்தகம் உண்டு, அதில் இருக்கும். புத்தகம் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று மேடம் கேட்டார். தாத்தா சிரித்தார். எனக்கு எதற்குப் புத்தகம் என்று கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்தார். மேடம் அதைத் தட்டினார். சான்று எண் குறுஞ்செய்தியாக வந்தது. தாத்தா அதை மூன்று இடங்களில் எழுதி வைத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து இன்னொரு குறுஞ்செய்தி: சான்று நிராகரிக்கப்பட்டது. பிபிஓ எண் பொருந்தவில்லை.

தாத்தா ஒப்பித்தது பழைய எண். சில வருடங்களுக்கு முன் பென்ஷனைத் திருத்தியபோது புதிய ஆணை வந்திருக்கிறது, புதிய எண்ணோடு. அந்தத் தாளைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியவரே தாத்தாதான். எனக்கு வந்த கோபத்தில் எறிபந்தை எறிந்திருந்தால் அது பொன்மலையில் போய் விழுந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நாலாம் சனி, அன்றும் விடுமுறை. எனவே நவம்பர் முதல் சனிக்கிழமை, புத்தகத்தோடு போனோம். நாங்கள் ஏதும் சொல்வதற்கு முன்னால், புத்தகத்தைப் பார்க்காமல் தட்டியது தன் தப்புதான் என்று மேடம் சொன்னார். புதிய எண்ணோடு முதலிலிருந்து எல்லாம் செய்தார். தாத்தா இரண்டாவது முயற்சியிலேயே இமைத்தார். சான்று எண் வந்தது. அடுத்த வாரம், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று செய்தியும் வந்தது. அதை மேடமே பார்த்துவிட்டு, நாங்கள் கேட்பதற்கு முன்னால் போன் செய்து சொன்னார்.

தாத்தா போனை வைத்தார். பிறகு தாளும் பேனாவும் கேட்டார். நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம், கிளை மேலாளருக்கு.

நல்ல விஷயம்தான். ஆனால் தாத்தாவுக்கு ஒரே மாதிரிதான் கடிதம் எழுதத் தெரியும். அத்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினாலும் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் இருக்கும். 'பொருள்: உயிர்வாழ் சான்று தொடர்பாக' என்று ஆரம்பித்தார். அதன் கீழே நாலு சனிக்கிழமைகளையும் தேதி, நேரத்தோடு வரிசையாக எழுதினார். எத்தனை நிமிடம் காத்திருந்தோம், எத்தனை விரல் தோற்றது, கதவு பூட்டியிருந்தது, சான்று நிராகரிக்கப்பட்டது, ஒன்று விடவில்லை. முதல் பக்கம் முழுக்க அதுதான்.

முதல் வரியிலேயே நன்றி என்று எழுதுங்கள் என்று நான் சொன்னேன்.

"எடுத்த உடனே நன்றின்னா எதுக்குன்னு எப்படித் தெரியும்? முதல்ல விவரம். முடிவு கடைசியில. ஆபீஸ் முறை அதுதான்" என்றார்.

முதல் பக்கம் இப்படி முடிந்தது: 'மேற்கண்ட நாட்களில் மூன்றாம் கவுண்டரில் பணியில் இருந்தவர் திருமதி கமர் ஜஹான். அவரைப் பற்றித் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது என்னவென்றால்,'

மீதி இரண்டாம் பக்கத்தில்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அதை வங்கியில் சேர்ப்பது என் வேலை. நேராகச் சேர்க்கக் கூடாது. முதலில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், ஆபீஸ் காப்பி தாத்தாவின் மஞ்சள் ஃபைலுக்கு வர வேண்டும். வங்கிக்குப் பக்கத்திலேயே டோனி அண்ணன் ஜெராக்ஸ் கடை. வங்கி மூட பத்து நிமிடம் இருந்தது, மேட்ச் நெருங்கியதால் வைத்த மாலைப் பயிற்சிக்கு வேறு நேரமாகிவிட்டது. டோனி அண்ணன் எடுத்துக் கொடுத்ததை வாங்கி, ஒரு பாதியை உறையில் திணித்து, மறு பாதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். மேலாளர் அறை பூட்டியிருந்தது. வாசலில் ஒரு பெட்டி இருந்தது. 'புகார் மற்றும் ஆலோசனை' என்று எழுதியிருந்தது. நன்றிக்கு என்று தனிப்பெட்டி எதுவும் இல்லை. அதில் போட்டுவிட்டு மைதானத்துக்குப் பறந்தேன்.

வியாழக்கிழமை மாலை தாத்தாவின் போனுக்குச் செய்தி வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. சம்பந்தப்பட்ட ஊழியரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது.'

தாத்தா மறுபடியும் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். புகாரா, யார் கொடுத்தது என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை திறந்தவுடன் போய் நின்றோம். மூன்றாம் கவுண்டரில் கமர் ஜஹான் மேடம் இருந்தார். வழக்கம்போல எழுந்து வந்து நாற்காலி போட்டார். ஆனால் எப்போதும் போல 'மேட்ச்சுல ஜெயிச்சியா' என்று என்னைக் கேட்கவில்லை. தாத்தா அந்தச் செய்தியைக் காட்டி இது என்னம்மா என்றார்.

"நீங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்லைங்கய்யா" என்றார் மேடம். "வயசானவங்களை நாலு தடவை அலைய வச்சது நிஜம்தானே. ஒரே நாள்ல முடிச்சுக் குடுக்க என்னால முடியல. அப்படித்தான் விளக்கத்துலயும் எழுதப் போறேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தாத்தா மேலாளர் அறைக்குள் தடியை ஊன்றிக்கொண்டு போனார். மேலாளர் அன்புச்செல்வன் சார் எங்களை உட்காரவைத்து, விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெட்டியின் சாவி அவரிடம் இல்லை. மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து திறந்து, உள்ளே இருப்பதைப் பதிவு செய்து எடுத்துப் போவார். பதிவு செய்தால் அது புகார். திங்கட்கிழமைக்குள் மேடம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இன்னொன்றையும் சொன்னார். மேடம் காட்டூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். வீட்டில் ஆலியா என்று இரண்டு வயதுக் குழந்தை. காட்டூர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். இந்த மாதம் பட்டியல் வருகிறது. புகார் நிலுவையில் இருந்தால் அதில் பெயர் வராது.

பிறகு கடிதத்தின் நகலை எடுத்து வைத்தார். ஒரே ஒரு தாள். முதல் பக்கம் மட்டும்.

தாத்தா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கம் எங்கே என்றார்.

இதுதான் வந்தது, வேறு பக்கம் வரவில்லை என்றார் மேலாளர். 'என்னவென்றால்' என்று சொல்லிவிட்டு எந்தக் கடிதமாவது முடியுமா என்று நான் கேட்டேன். கோபத்தில் பேனாவை வீசிவிட்டார் போல என்று மண்டல அலுவலகத்தில் நினைத்துக்கொண்டார்களாம்.

தாத்தா மஞ்சள் ஃபைலைத் திறந்தார். ஆபீஸ் காப்பி இரண்டு பக்கமும் பத்திரமாக இருந்தது. அதை மேசையில் வைத்துத் தட்டினார். நான் இரண்டு பக்கம் எழுதினேன், அதற்குச் சாட்சி இதோ, ஒரு பக்கத்தை உங்கள் அலுவலகம் தொலைத்துவிட்டது என்றார். நகலை மண்டல அலுவலகம் ஏற்காது, அசல்தான் வேண்டும் என்றார் மேலாளர். போன வருடம் கையெழுத்துப் போட்ட தாளைத் தொலைத்தார்கள், இந்த வருடம் நன்றியைத் தொலைத்துவிட்டார்கள் என்றார் தாத்தா. என்னிடம் ஒரு தாள் கேட்டார்.

"எழுது ஜென்சி. பொருள், கடிதத்தின் இரண்டாம் பக்கம் தொலைந்தது தொடர்பாக."

நான் பேனாவை எடுத்தேன். எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஜெராக்ஸ் இரண்டு தாள். அசலும் இரண்டு தாள். மொத்தம் நாலு இருக்க வேண்டும். அன்றைக்கு டோனி அண்ணன் கொடுத்ததை நான் எண்ணவே இல்லை. ஆபீஸ் காப்பியில் இரண்டு இருக்கிறது. உறையில் ஒன்றுதான் போயிருக்கிறது. அப்படியென்றால் நாலாவது தாள் எங்கே? கடைசியாக நகல் எடுத்த தாள் எங்கே இருக்கும்? மெஷின் கண்ணாடி மேல், மூடிக்கு அடியில்.

யாருக்கும் தெரியாது. நான் பேசாமல் எழுதினால் போதும். வங்கிதான் தொலைத்தது என்று ஆகிவிடும். தாத்தாவும் அதைத்தான் நம்புவார். ஆனால் அப்புறம் உண்மையான புகார் ஒன்று போய்ச் சேரும். அது யார் தலையில் விழும் என்று யாருக்குத் தெரியும்? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம் வேறொரு பாட்டிக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. இத்தனை நாளும் எல்லோர் மேலும் எரிச்சல்பட்டதைச் சேர்த்து வைத்தாலும் அவ்வளவு இருக்காது.

"தாத்தா, பேங்க்ல தொலைக்கல. நான்தான் ஜெராக்ஸ் மெஷின்லயே விட்டுட்டேன்" என்றேன்.

நான் பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே ஓடினேன்.

டோனி அண்ணன் கடையில் கூட்டம். ஆட்கள் மறந்து போகிற அசல்களை எறியாமல் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பது அவர் வழக்கம். அதை என்னிடம் தள்ளி, நீயே தேடிக்கொள் என்றார். ஊர் பாதி அதற்குள் இருந்தது. யாருடையதோ மதிப்பெண் பட்டியல், கல்யாணப் பத்திரிகை, மூன்று ரேஷன் கார்டுகள், எக்ஸ்ரே படம் ஒன்று, எல்லாம் வந்தது. எங்கள் தாள் மட்டும் வரவில்லை. பெட்டி காலியாகிவிட்டது. டோனி அண்ணன் டீ டம்ளரைத் தூக்கிக் குடித்தார். டம்ளருக்கு அடியில், மடித்து வைத்த தாளில், தாத்தாவின் கையெழுத்து.

ஒரு டீ வட்டத்தோடு இரண்டாம் பக்கம் கிடைத்துவிட்டது.

திரும்பி ஓடினேன். மேலாளர் அறைக்குப் போகவில்லை. நேராக மூன்றாம் கவுண்டருக்குப் போய், மேடத்தின் முன்னால் வைத்தேன். அவர் படித்தார்.

'அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. என் பத்து விரல்களையும் தன் கையால் துடைத்தார். எனக்குக் காது மந்தம். எதையும் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறையும் முதல் முறை சொன்ன குரலிலேயே சொன்னார். சென்ற ஆண்டு நான் உயிரோடு இருப்பதாகப் பதிவு இல்லை என்று ஒருவர் என் முகத்தைப் பாராமல் சொன்னார். இவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார், பிறகுதான் திரையைப் பார்த்தார். இவருக்கு என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இங்ஙனம், ஸ்தனிஸ்லாஸ்.'

மேடம் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிட மறந்துவிட்டார்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பதிவான புகாரை மேலாளரால் நீக்க முடியாதாம். புகார் கொடுத்தவரே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டங்கள். 'தீர்வில் திருப்தி.' 'தீர்வில் திருப்தி இல்லை.' இது புகாரே இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது.

தாத்தா எதிலும் டிக் போட மாட்டேன் என்றார். திருப்தி என்று போட்டால், முதலில் புகார் இருந்தது என்று ஆகிவிடும். இல்லாத புகாரில் எப்படித் திருப்தி அடைவது? மேலாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். தாத்தா சொன்னது சரிதான், அதுதான் இன்னும் எரிச்சல். தாத்தா தனியாக ஒரு விரிவான கடிதம் எழுதலாம் என்று யோசனை சொன்னார். ஐந்து பக்கம் வருமாம்.

நான் படிவத்தை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். கடைசியில் 'குறிப்புகள்' என்று மூன்று கோடு இருந்தது. தாத்தாவைக் கேட்காமல் எழுதினேன்.

'நன்றி. இது புகார் அல்ல, நன்றிக் கடிதத்தின் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தை ஜெராக்ஸ் மெஷினில் விட்டது நான். தப்பு என்னுடையது. கமர் ஜஹான் மேடத்துடையது இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கவும். ஜென்சி, ஆறாம் வகுப்பு.'

தாத்தா வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. பொருள் இல்லை, பார்வை இல்லை, நன்றி முதல் வரியிலேயே வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நீலப் பேனாவை எடுத்து, 'மேற்கண்டது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருப்திக் கட்டத்தில் டிக்கும் போட்டார்.

"பேத்தி எழுதின குறிப்புல எனக்குத் திருப்தி" என்று மேலாளரிடம் விளக்கம் சொன்னார்.

மேலாளர் படிவத்தையும் இரண்டு பக்கங்களையும் அப்போதே ஸ்கேன் செய்து மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினார். மெஷின் மூடியை நானே தூக்கிப் பார்த்து அசலை எடுத்தேன். பார்த்த பிறகு இன்னொரு முறையும் பார்த்தேன். அதை மேடத்திடம் கொடுத்தேன். டீ வட்டத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மேட்ச்சில் ஜெயித்தாயா என்று கேட்டார். தோற்றுவிட்டோம், ஆனால் அப்போது அது ஞாபகமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தாத்தாவுக்குச் செய்தி வந்தது. 'தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.' அந்த மாதக் கடைசியில் மேடமே போன் செய்தார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. காட்டூர்.

அதாவது, நாங்கள் இவ்வளவு பாடுபட்டு, எங்களுக்கு உதவி செய்த ஒரே ஆளை ஸ்ரீரங்கத்தை விட்டு அனுப்பி வைத்தோம். அடுத்த வருடம் என்ன செய்வது என்று நான் கேட்டேன். உயிர்வாழ் சான்றை அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம், அதை மேடம்தான் சொன்னார் என்று தாத்தா பதில் சொன்னார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கிளை இருக்க, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாறிக் காட்டூருக்குப் போவது என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

இந்த அக்டோபரில் போனோம். முதல் சனிக்கிழமைதான், நானே காலண்டர் பார்த்துச் சொன்னேன். பிபிஓ புத்தகத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். தாத்தா ஒரே முயற்சியில் இமைத்தார். வீட்டில் என்னை எதிரே உட்காரவைத்து ஒரு வாரம் பழகியிருந்தார்.

மேடத்தின் புதிய கவுண்டரில், மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த இரண்டாம் பக்கம் இருந்தது, டீ வட்டத்தோடு. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா அதை எட்டிப் பார்த்து முழுக்கப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்களே. இதுக்கு முதல் பக்கம் எங்கம்மா?" என்று கேட்டார்.

மேடம் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா அவசரமே படாமல் மஞ்சள் ஃபைலைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டு, ஆபீஸ் காப்பியை எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். திரும்ப வாங்கியபோது நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இருந்தன.